புதிய காலை யோகா வகுப்புக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் கடைவீட்டு மாடியில் யோகா சொல்லிக்கொடுக்கிறவர்கள், புதிதாகக் காலை வகுப்பு தொடங்கும்போது கேப்ஷனை எனக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொல்வார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவைதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கடைசிவரை ஒரே வகுப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: திங்கள், புதன், வெள்ளி காலையில் நடக்கும் பெண்கள் வகுப்பு, 2026 ஏப்ரலில் தொடக்கம், கட்டணம் 80 வெள்ளி, ஒரு வகுப்புக்கு மட்டும் வருகிறவருக்கு 10 வெள்ளி. தொகையை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அக்கா, முதல் வரியில என்ன போடுறது? வணக்கம்னு ஆரம்பிச்சு ஒரு நல்ல வாசகம் போடலாமா?"

வணக்கம் கீழே வரட்டும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மீதி மடிந்துவிடும், தொட்டால்தான் விரியும். அந்த ஓரிரு வரியில் 'வணக்கம், உடலும் மனமும் ஒன்றாகும் பயணத்துக்கு வரவேற்கிறோம்' என்று எழுதினால், எந்த ஊர், எத்தனை மணி என்று தெரியாமலே வாசகர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

முதல் வரியில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன வகுப்பு, எந்த ஊர், எத்தனை மணி. 'சுங்கை சிப்புட்டில் புதிய காலை யோகா வகுப்பு: திங்கள், புதன், வெள்ளி 8:15 முதல் 9:15 வரை.' அவ்வளவுதான். படிக்கிற பெண் அந்த நேரத்தில் தனக்கு முடியுமா முடியாதா என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். முடியும் என்றால் மீதியைத் திறந்து படிப்பார்.

"காலை 6 மணிக்கு 'சூரிய உதய யோகா'ன்னு வைக்க ஆசை. கேட்கவும் நல்லா இருக்கு. வைக்கலாமா?"

நம் ஊரில் 6 மணிக்கு இருட்டு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். பேராக்கில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கும் 7:30க்கும் நடுவில்தான் எழும். சென்னையிலிருந்து வரும் காணொளிகளில் 6 மணிக்கு வெயில் அடிப்பதைப் பார்த்து அந்த நேரத்தை அப்படியே எடுத்தால் இங்கே பொருந்தாது. 6 மணி வகுப்பை 'உதயம்' என்று அழைத்தால், வருகிறவர்கள் மாடிப்படியில் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். பெண்களை அந்த இருட்டில் வரச் சொல்வதாக இருந்தால் வாசல் விளக்கும் வண்டி நிறுத்தும் இடமும் எப்படி என்பதைக் கேப்ஷனிலேயே சொல்லியாக வேண்டும்.

பெயரை விடுங்கள், யார் வருவார்கள் என்று பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விடியும் முன்பே பெரட்டு. பால்மரம் வெட்டப் போகிறவர்களும் செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர்களும் 6 மணிக்கும் வர முடியாது, 8 மணிக்கும் வர முடியாது. அவர்களுக்கு மாலை வகுப்புதான் சரி. ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் 6 மணிக்கு வந்தால் 7 மணிக்குக் கிளம்பிவிடலாம், ஆனால் குளித்து உடை மாற்ற இடம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள் 6 முதல் 7:30 வரை அடுப்படிக்கும் பள்ளி வாசலுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையை இறக்கிவிட்டு வந்தால் 8 மணிக்கு மேல் கை ஓயும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அந்த நேரம் பிடிக்கும்.

நம் எடுத்துக்காட்டு வகுப்பை 8:15க்கு வைத்தது அதனால்தான். 8:00 என்று போட்டால் பள்ளி வாசல் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் பத்து நிமிடம் தாமதமாக வந்து, மற்றவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது பாயை விரிப்பார்கள். நீங்கள் யாரை நினைத்து நேரம் வைத்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக வரலாம்.' அந்த அம்மாக்களுக்கு அது தங்களை அழைக்கும் வரி.

"கட்டணத்தைப் போடாம 'தனியா கேளுங்க'ன்னு எழுதுனா நிறைய பேர் மெசேஜ் பண்ணுவாங்கல்ல?"

பண்ண மாட்டார்கள். சின்ன ஊரில் விலை கேட்டுவிட்டுச் சேராமல் போனால், அடுத்த வாரம் பசாரில் உங்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பலர் கேட்காமல் விடுகிறார்கள். குறிப்பாக வயதானவர்கள். தொகையை எழுதுங்கள், எண்ணில் எழுதுங்கள்.

"மாசம் 80 வெள்ளின்னு போட்டாப் போதும்தானே? ஏன் இவ்வளவு நீட்டுறீங்க?"

கட்டணத்தால் வரும் மனக்கசப்பு முழுவதும் அந்த 'மாசம்' என்ற சொல்லில் இருந்துதான் வருகிறது. எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்ப்போம்.

வகுப்பு ஏப்ரல் 15, புதன்கிழமை தொடங்குகிறது. (ஏன் திங்கள் 13 இல்லை? மறுநாள் 14 சித்திரைப் புத்தாண்டு. அதற்கு முந்தைய நாள் வீடு கழுவுகிற, மாவிலை தேடுகிற நாள். அன்றைக்கு யார் பாயைத் தூக்கிக்கொண்டு வருவார்?) 15ஆம் தேதி சேர்கிறவர் 'மாசம் 80' என்று கட்டினால், ஏப்ரல் முடிவதற்குள் அவருக்கு 7 வகுப்புதான்: 15, 17, 20, 22, 24, 27, 29. ஒரு தனி வகுப்புக்கு 10 வெள்ளி என்று நீங்களே கேப்ஷனில் போட்டிருக்கிறீர்கள். 7 தனி வகுப்புக்கு 70 வெள்ளி. ஆக, மாதக் கட்டணம் கட்டியவர் தனித்தனியாக வந்தவரைவிட 10 வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார், மே மாதம் வராமல் இருந்துவிடுவார்.

மே மாதத்துக்கும் அதே சிக்கல். மே 1 வெள்ளி, தொழிலாளர் தினம். நாட்காட்டிப்படி 27 புதன், ஹரி ராயா ஹஜி. இரண்டும் வகுப்பு நாள். 13 வகுப்பு வர வேண்டிய மாதத்தில் 11 ஆகிவிடும், கட்டணமோ அதே 80.

இதற்கு வழி, மாதத்தை விட்டுவிட்டு வகுப்பை எண்ணுவது. '12 வகுப்பு 80 வெள்ளி, முதல் வகுப்பிலிருந்து 6 வாரத்துக்குள் முடிக்கலாம்.' இப்போது ஏப்ரல் 15 சேர்ந்தவர், மே 1 விடுமுறையைத் தவிர ஒன்றையும் விடாமல் வந்தால் மே 13ஆம் தேதி 12ஆவது வகுப்பை முடிப்பார். அவருடைய 6 வாரம் மே 26 வரை ஓடும். அதற்குள் மொத்தம் 17 வகுப்பு நடக்கும். அதாவது பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் கல்யாணம் என்று 5 நாள் விட்டாலும் அவருடைய பணம் வீணாகாது. 'வராத நாளுக்குக் கழிப்பீர்களா?' என்ற கேள்வியே வராது. பொது விடுமுறைக்கு வகுப்பு இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உங்களுக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. 6 வாரம் என்ற எல்லை இல்லாவிட்டால், ஒருவர் 12 வகுப்பை ஆறு மாதத்துக்கு இழுப்பார், கடை வாடகையோ மாதாமாதம் வரும். ஒரு நோட்டில் அவரவர் பெயருக்கு நேரே தேதியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டைக் கேட்டால் காட்டலாம்.

"சோதனை வகுப்பு இலவசமா கொடுக்கணுமா?"

என்னைக் கேட்டால் 5 வெள்ளி வாங்குங்கள், சேர்ந்தால் கட்டணத்தில் கழித்துவிடுங்கள். இலவசம் என்றால் பெயர் கொடுப்பவர்கள் நிறைய, வருகிறவர்கள் குறைவு. இடம் பிடித்துவிட்டு வராமல் போகிற ஒவ்வொருவரும், உண்மையில் வர நினைத்த ஒருவரைத் தடுக்கிறார். 5 வெள்ளியை டூயிட் நவ் வழியாக முன்கூட்டியே அனுப்பியவர் வந்துவிடுவார். சேர்கிறவர் மீதி 75 வெள்ளி கட்டினால் போதும் என்று அந்தக் கணக்கையும் நீங்களே எழுதிக் காட்டுங்கள்.

இலவசமாகவே வைக்க விரும்பினால் அதுவும் தவறில்லை. ஆனால் 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'சேர வேண்டிய கட்டாயம் இல்லை' என்று எழுதுங்கள். வந்தால் விடமாட்டார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது.

"சோதனை வகுப்பை ஞாயித்துக்கிழமை வச்சா கூட்டம் வருமே?"

கூட்டம் வரும், ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்தக் கூட்டமா என்று பாருங்கள். ஞாயிறு சும்மா இருக்கிறவருக்குப் புதன் காலை 8:15க்கு வர முடியுமா என்பது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தெரியாது. சோதனை வகுப்பில் அவர் உடம்பைச் சோதிப்பதோடு நேரத்தையும் சோதிக்கிறார்: பிள்ளையை விட்டுவிட்டு வர முடிகிறதா, வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறதா, 9:15க்கு முடிந்து வீட்டுக்குப் போனால் சமையலுக்கு நேரம் இருக்கிறதா. அதனால் வகுப்பு நாளிலேயே, வகுப்பு நேரத்திலேயே வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஏப்ரல் 8 புதன்கிழமை, ஏப்ரல் 10 வெள்ளிக்கிழமை என இரண்டு நாள். ஒரு நாள் முடியாதவருக்கு இன்னொரு நாள்.

அப்புறம், சோதனை வகுப்பும் முழு ஒரு மணி நேரமாகவே இருக்கட்டும். ஆசிரியர் தன் திறமையைக் காட்டக் கடினமான ஆசனங்களை அந்த ஒரே வகுப்பில் போட்டுவிடுவதுண்டு. மறுநாள் தொடைவலியில் மாடிப்படி இறங்க முடியாதவர் திரும்ப வர மாட்டார். வழக்கமான வகுப்பில் என்ன நடக்குமோ அதையே செய்யுங்கள், அதைக் கேப்ஷனிலும் சொல்லுங்கள்: உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது 5 நிமிடம், மூட்டுகளைத் தளர்த்துவது 10, சூரிய நமஸ்காரம் 10, ஆசனங்கள் 20, மூச்சுப்பயிற்சி 7, சவாசனம் 8. கேப்ஷனில் நிமிடக் கணக்கு தேவையில்லை, வரிசை போதும். இதுவரை யோகா பக்கமே வராதவருக்கு உள்ளே என்ன நடக்கும் என்று தெரிவதே பெரிய தைரியம்.

"சாப்பிட்டுட்டு வரலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. அதையும் எழுதணுமா?"

எழுதுங்கள், ஒரு வரிதான். வயிறு நிறையப் பசியாறிவிட்டு வந்து முன்னால் குனிந்தால் எல்லாம் தொண்டைக்கு வரும். நாசி லெமாக், ரொட்டி சானாய் மாதிரி எண்ணெய்ப் பசை உள்ளது என்றால் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும், 8:15 வகுப்புக்கு அது நடக்காது. 'வகுப்பு முடிந்து பசியாறலாம். முடியாதவர்கள் ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம்' என்று எழுதினால் போதும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது, முன்கூட்டி ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள். வகுப்பு நடுவில் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே உட்கார வைத்து இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். அறையில் ஒரு இனிப்புப் பானம் வைத்திருங்கள்.

"'சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு குணமாகும்'னு போட்டா நம்ம ஊருல கண்டிப்பா வருவாங்க. போடலாமா?"

வேண்டாம். மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை அது கட்டுப்படுத்துகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அதன் நோய்ப் பட்டியலில் உள்ளவை. மாத்திரை விற்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், சிகிச்சை தருவதாகச் சொல்லும் சேவைகளும் அதற்குள் வரும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. 'குணமாகும்' என்று படித்துவிட்டு வருகிற ஒரு பாட்டி, இரண்டு வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார். உங்கள் வரிக்கு அவர் உடம்பு விலை கொடுக்கும். அதற்குப் பதிலாக, வருகிறவரின் உடல்நிலையைக் கேட்கும் வரியைப் போடுங்கள்: 'இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் அழுத்தம், முழங்கால் வலி, கர்ப்பம், அண்மையில் அறுவைச் சிகிச்சை இருந்தால் பதியும்போதே சொல்லுங்கள்.' தலைகீழ் ஆசனங்களை யாருக்குத் தவிர்க்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். படிக்கிறவருக்கும் இந்த ஆசிரியர் பார்த்துச் செய்கிறவர் என்று புரியும்.

"'இடங்கள் சிலவே உள்ளன'ன்னு சும்மா போடலாமா?"

உண்மையான எண்ணிக்கையைப் போடுங்கள், அறையை அளந்தாலே தெரிந்துவிடும். ஒரு யோகா பாய் ஏறக்குறைய 2 அடி அகலம், 5 அடி 8 அங்குல நீளம். கையை விரித்தால் பக்கத்து ஆள்மேல் படாமல் இருக்க ஒருவருக்கு 4 அடி அகலமும் 7 அடி நீளமும் விடுங்கள். 20 அடி அகலம், 28 அடி நீளமுள்ள மாடி அறையில் ஒரு வரிசைக்கு 5 பேர், 4 வரிசை. முன்வரிசை ஆசிரியருக்கும் நடமாட்டத்துக்கும் போனால் 15 பேர். 'அறையில் 15 பேருக்கு இடம்' என்று எழுதுங்கள்.

"மலாயிலயும் எழுதணுமா? மலாய்க்காரத் தோழிகளையும் கூப்பிடலாமா?"

தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்காகவும் சீன அண்டை வீட்டாருக்காகவும் நேரம், கட்டணம், தொலைபேசி எண் மூன்றையும் மலாயில் இரண்டு வரி கீழே போடலாம். முஸ்லிம்களைக் குறித்து அழைப்பு எழுத வேண்டாம். 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்கள் யோகா செய்வதற்கு எதிராக முடிவு அறிவித்தது. வருவதா இல்லையா என்பது அவரவர் முடிவு, நாம் இழுத்துவிட்டதாக ஆகக் கூடாது. வகுப்பில் ஓம் சொல்வீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். கிறிஸ்துவக் குடும்பங்களும் அதைத் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்.

"சரிக்கா, எல்லாம் சேர்த்து எழுதிக் காட்டுங்க."

> சுங்கை சிப்புட்டில் புதிய காலை யோகா வகுப்பு: திங்கள், புதன், வெள்ளி 8:15 முதல் 9:15 வரை.
> பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக வரலாம். தொடக்கம்: 15 ஏப்ரல் 2026, புதன்.
>
> சோதனை வகுப்பு: 8 ஏப்ரல் புதன் அல்லது 10 ஏப்ரல் வெள்ளி, அதே நேரம். 5 வெள்ளி. பிறகு சேர்ந்தால் கட்டணத்தில் கழித்துக்கொள்வோம், மீதி 75 கட்டினால் போதும். சேர வேண்டிய கட்டாயம் இல்லை.
>
> கட்டணம்: 12 வகுப்பு 80 வெள்ளி, முதல் வகுப்பிலிருந்து 6 வாரத்துக்குள் முடிக்கலாம். தனி வகுப்பு 10 வெள்ளி. பொது விடுமுறையில் வகுப்பு இல்லை.
>
> பெண்களுக்கு மட்டும். ஆசிரியரும் பெண். புதியவர்களுக்கு ஏற்றது: மூச்சைக் கவனிப்பது, மூட்டுத் தளர்வு, சூரிய நமஸ்காரம், எளிய ஆசனங்கள், மூச்சுப்பயிற்சி, சவாசனம். தொடக்கத்தில் ஒருமுறை ஓம் சொல்வோம்.
>
> தளர்வான உடை, ஒரு துண்டு, தண்ணீர் கொண்டு வாருங்கள். சோதனை வகுப்புக்குப் பாய் நாங்கள் தருவோம். வகுப்பு முடிந்து பசியாறலாம். முடியாதவர்கள் ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம்.
>
> இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் அழுத்தம், முழங்கால் வலி, கர்ப்பம், அண்மையில் அறுவைச் சிகிச்சை இருந்தால் பதியும்போதே சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம்.
>
> இடம்: மளிகைக் கடை மேல்மாடி, படி பின்பக்கம். அறையில் 15 பேருக்கு இடம். பதிய வாட்ஸ்அப் செய்யுங்கள்.

'படி பின்பக்கம்' என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவர் கடை வாசலில் நின்று யாரிடம் கேட்பது என்று தயங்கி, அப்படியே திரும்பிப் போவதுண்டு.

"நம்பரை எப்படிப் போடுறது? லிங்க் போட்டா வேலை செய்யலையே?"

வாட்ஸ்அப் இணைப்பில் நாட்டு எண் வேண்டும், முன்னால் உள்ள 0 கூடாது, கூட்டல் குறியும் கோடும் கூடாது. 012 என்று தொடங்கும் எண் இப்படி ஆகும்:

```
wa.me/6012XXXXXXX
```

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இதைத் தொட்டால் திறக்கும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் திறக்காது, அங்கே உங்கள் அறிமுகப் பகுதியில் இணைப்பை வைத்துவிட்டு, கேப்ஷனில் எண்ணை வெறும் எண்ணாக எழுதுங்கள்.

தோட்டக் குழுக்களிலும் கோயில் குழுக்களிலும் பலர் படத்தை மட்டும் சேமித்து அனுப்புவார்கள், கேப்ஷன் கூடப் போகாது. அதனால் நேரம், 80 வெள்ளி, சோதனை நாள், எண் நான்கும் படத்திலும் இருக்க வேண்டும். படத்தில் தமிழ் எழுத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சில செயலிகளில் 'கொ', 'யோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். 'யோகா' என்ற சொல்லே உடைந்து நின்றால் நன்றாக இருக்காது.

"சோதனை வகுப்பு முடிஞ்ச பிறகும் பழைய போஸ்டைப் பார்த்துட்டு ஆளுங்க கேக்குறாங்க. என்ன செய்றது?"

மேலே உள்ள கேப்ஷனில் தொடக்கத் தேதியோடு ஆண்டையும் போட்டது அதற்குத்தான். ஒரு குழுவுக்குள் போன செய்தி அடுத்த ஆண்டு சித்திரைக்கும் சுற்றி வரும். உங்கள் பக்கத்தில் உள்ள கேப்ஷனை ஏப்ரல் 10 மாலையே திருத்துங்கள்: சோதனை வகுப்பு வரியை எடுத்துவிட்டு, மீதி இருக்கும் இடங்களின் எண்ணிக்கையைப் போடுங்கள். 15இல் 11 பேர் சேர்ந்திருந்தால் 'இன்னும் 4 இடம்.' அது நிரம்பியதும் 'இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுக்கலாம்' என்று மாற்றுங்கள். சோதனை வகுப்புக்கு வந்து சேராதவர்களிடம் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நேரம் ஒத்துவரவில்லையா, கட்டணமா, இல்லை வகுப்பா? நேரம் என்று பாதிப்பேருக்கு மேல் சொன்னால் அடுத்த கேப்ஷனில் முதல் வரியை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வகுப்பில் எடுத்த படத்தைப் போடுவதானால் அதில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். சவாசனத்தில் கண்மூடிப் படுத்திருக்கும்போது எடுத்த படம் வேண்டவே வேண்டாம்.